கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை பன்னிரண்டு அடி: வயதானவர்கள் இரவில் ஏன் விழுகிறார்கள்?

மும்பை செம்பூரில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம், அதில் இரண்டாவது மாடி ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மகன் குடும்பத்தோடு இருக்கும் பெரியவருக்கு வயது 76. ஜூலை மாதம், வெளியே நல்ல மழை. இரவு மூன்று மணிக்குப் பாத்ரூமில் தொப்பென்று ஒரு சத்தம். மகன் ஓடிப்போய்ப் பார்த்தால் கதவு திறக்கவில்லை. அப்பா கதவுக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறார். உள்ளே தாழ்ப்பாள் வேறு போட்டிருக்கிறார். கதவை உடைத்துத் தூக்கினார்கள். இடது மணிக்கட்டில் முறிவு, நெற்றியில் வீக்கம்.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்லடா, தரை ஈரமா இருந்துது, கால் வழுக்கிடுச்சு."

மறுநாளே வழுக்காத ரப்பர் பாய் வாங்கிப் போட்டார்கள். மூன்று வாரம் கழித்து அவர் மறுபடி விழுந்தார். இந்த முறை பாத்ரூமில் இல்லை, கட்டிலுக்கு இரண்டடி தள்ளி, காய்ந்த தரையில்.

இது ஒரு மாதிரிக் கதைதான். ஆனால் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் இதன் ஏதோ ஒரு வடிவம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வருடத்துக்கு ஒரு முறையாவது விழுகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, விழுந்ததால் ஆண்டுக்கு 6,84,000 பேர் இறக்கிறார்கள். இறப்பு விகிதம் மிக அதிகமாக இருப்பது 60 வயதைக் கடந்தவர்களிடம்தான். நாமோ "வழுக்கிடுச்சு" என்ற ஒற்றைச் சொல்லோடு விசாரணையை முடித்துவிடுகிறோம். இந்தக் கட்டுரை அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பதைப் பற்றியது. குறிப்பாக, இரவில் கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போகும் அந்தப் பன்னிரண்டு அடி தூரத்தைப் பற்றியது.

## "வழுக்கிடுச்சு" என்பதை ஏன் அப்படியே நம்பக் கூடாது

விழுவதில் குறைந்தது நான்கு வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு.

1. வழுக்குவது: கால் முன்னே ஓடிவிடும், ஆள் பெரும்பாலும் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ விழுவார்.
2. தடுக்குவது: கால் எதிலோ மாட்டிக்கொள்ளும், உடம்பு முன்னே போகும். விரித்த கையிலும் முழங்காலிலும் அடிபடும்.
3. கால் துவள்வது: எதுவும் தட்டவில்லை, தலைசுற்றவும் இல்லை, முழங்கால் அப்படியே மடங்கிவிடும். தொடைத் தசை பலவீனம், முழங்கால் தேய்மானம் போன்றவை இதற்குக் காரணம்.
4. மூளைக்கு ரத்தம் குறைவது: தலை லேசாகி, கண் இருட்டி, சில சமயம் ஓரிரு நொடி நினைவே போய் விழுவது.

நான்காவது வகையில்தான் சிக்கல் இருக்கிறது. ஓரிரு நொடி மயங்கி விழுந்தவர்களில் பலருக்கு மயங்கினோம் என்பதே நினைவில் நிற்பதில்லை. கண் விழிக்கும்போது தரையில் கிடக்கிறோம், தரை ஈரமாக இருக்கிறது. மனசு தானாகவே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொள்கிறது: வழுக்கியிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறார்.

அதனால் "எப்படி விழுந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "விழுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். படுத்திருந்து எழுந்தாரா, நின்றபடி சிறுநீர் கழித்தாரா, அப்போதுதான் சாப்பிட்டு முடித்தாரா, அண்ணாந்து பார்த்தாரா, படுக்கையில் புரண்டபோது அறையே சுழன்றதா? பதிலைப் பொறுத்து வழி பிரியும். புரண்டால் சுழல்கிறது என்றால் அது பெரும்பாலும் உள்காதுக் கோளாறு. சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தலை லேசாகிறது என்றால், ரத்தம் குடல் பக்கம் திரும்பி அழுத்தம் இறங்கியிருக்கலாம். நம் பெரியவர் இரண்டு முறையும் படுக்கையிலிருந்து எழுந்து ஒரு நிமிடத்துக்குள் விழுந்திருக்கிறார். ஈரத்தை விட இதுதான் பெரிய துப்பு.

## எழுந்து நிற்பது உடம்புக்கு ஒரு வேலை

படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்ததும் அழுத்தம் சரிகிறது. கழுத்துத் தமனியிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியிலும் இருக்கும் உணர்விகள் இதைக் கண்டுபிடித்து மூளைக்குச் சொல்கின்றன. மூளை உடனே இதயத்தை வேகப்படுத்தி, கால் ரத்தக் குழாய்களை இறுக்கச் சொல்கிறது. இளம் வயதில் இதெல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது.

வயதாக ஆக இந்த உணர்விகள் மந்தமாகின்றன, ரத்தக் குழாய்கள் விறைக்கின்றன, இதயமும் சட்டென்று வேகம் எடுப்பதில்லை. நீண்ட நாள் சர்க்கரை நோய் இருந்தால் இந்தச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்புகளும் பழுதாகியிருக்கும்.

நின்ற மூன்று நிமிடத்துக்குள் பி.பி.யின் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ அதை 'நிற்கும்போது ரத்த அழுத்தம் சரிதல்' என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். இது கிளினிக்கில் ஏன் பிடிபடுவதில்லை? அங்கே நாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். உட்கார்ந்த நிலையில் ஒரே ஒரு தடவை பார்த்து "134, 76. நார்மல்தான்" என்று எழுதி அனுப்புவார்கள். உயர் ரத்த அழுத்தத்துக்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்தச் சரிவும் சேர்ந்தே இருக்கலாம் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. "அவருக்கு பி.பி. ஜாஸ்தி ஆச்சே, எப்படி இறங்கும்?" என்பார்கள். இரண்டும் ஒரே உடம்பில் இருக்கும்.

## மாத்திரைச் சங்கிலி

பெரியவரின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்ப்போம். விஷயம் இங்கேதான் அவிழ்கிறது.

முதலில் அவருக்கு பி.பி.க்கு டெல்மிசார்டனும் அம்லோடிபின் 5 மில்லிகிராமும் கொடுத்திருந்தார்கள். அளவு கட்டுப்படவில்லை என்று அம்லோடிபினை 10 ஆக்கினார்கள். சில வாரத்தில் கணுக்கால் வீங்கியது. அம்லோடிபினுக்குத் தெரிந்த பக்கவிளைவுதான் அது; அளவு கூடும்போது வீக்கமும் கூடும். ஆனால் வீக்கத்துக்காக அவர் போனது வேறொரு டாக்டரிடம். அவர் நீர் பிரிய ஒரு மாத்திரை சேர்த்தார். உடம்பில் நீர் கூடியதால் வந்த வீக்கம் இல்லை இது, நுண்குழாய்களிலிருந்து நீர் கசிவதால் வந்தது. அதனால் நீர் மாத்திரைக்கு இது பெரிதாக அடங்குவதில்லை.

பகல் முழுக்கக் காலில் தேங்கிய அந்த நீர் எங்கே போகும்? இரவில் கால் நீட்டிப் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்புகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. இரவில் ஒரு தடவை எழுந்தவர் மூன்று தடவை எழ ஆரம்பித்தார். இந்த வயதில் புராஸ்டேட் கொஞ்சம் பெரிதாகியிருப்பது சகஜம். ஸ்கேனில் அது தெரிந்தது, படுக்கும்போது டாம்சுலோசின் சாப்பிடச் சொன்னார்கள். அது சிறுநீர்ப் பாதையின் தசையைத் தளர்த்தும் மருந்து. ரத்தக் குழாய்களையும் கொஞ்சம் தளர்த்தும், சிலருக்கு எழும்போது பி.பி. இறங்கும். மூன்று முறை எழுந்ததில் தூக்கம் கெட்டது. பழைய சீட்டு ஒன்றை வைத்து மெடிக்கல் ஷாப்பில் அல்பிரசோலம் வாங்கிக்கொண்டார்.

சங்கிலி முழுதாகிவிட்டது: பி.பி. மாத்திரை, அதனால் வீக்கம், வீக்கத்துக்கு நீர் மாத்திரை, இரவில் சிறுநீர், அதற்கு ஒரு மாத்திரை, கெட்ட தூக்கத்துக்கு இன்னொன்று. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அடுத்த மருந்தைச் சேர்ப்பது மருத்துவ உலகில் நன்றாகத் தெரிந்த தவறு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு டாக்டர் எழுதியதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லாச் சீட்டுகளையும் ஒரே மேஜையில் பரப்பி வைத்து யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். விளைவு: இரவு மூன்று மணிக்குத் தூக்க மாத்திரை மயக்கத்தோடு, தளர்ந்த ரத்தக் குழாய்களோடு, முட்டும் சிறுநீர் அவசரத்தோடு ஒருவர் சட்டென்று எழுந்து நிற்கிறார்.

இதே வேலையைச் செய்யும் வேறு சிலவும் பல வீடுகளில் இருக்கும். சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், பிரிகபலின் போன்றவை. சர்க்கரை சட்டென்று இறங்கவைக்கும் கிளிமிபிரைடு, இன்சுலின் ஆகியவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. பி.பி. மாத்திரையை நிறுத்தினால் பக்கவாத அபாயம் ஏறும். பல மாதம் சாப்பிட்ட தூக்க மாத்திரையைத் திடீரென விட்டால் நடுக்கம், குழப்பம், வலிப்பு வரைகூடப் போகலாம். அதைப் படிப்படியாக, வாரக்கணக்கில்தான் குறைக்க வேண்டும். எல்லா மாத்திரைகளையும், சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட, ஒரு பையில் போட்டு ஒரே டாக்டரிடம் கொண்டுபோய், "இதில் எதெல்லாம் எழும்போது பி.பி.யை இறக்கும்?" என்று கேட்பதுதான் வழி.

## வீட்டிலேயே அளந்து பார்ப்பது

டாக்டரிடம் வெறுங்கையோடு போவதை விட எண்களோடு போவது நல்லது. மேல்கையில் பட்டை சுற்றும் டிஜிட்டல் பி.பி. கருவி போதும். காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன் அளப்பது சிறந்தது. அந்த நேரத்தில்தான் சரிவு அதிகம் தெரியும்.

1. ஐந்து நிமிடம் அசையாமல் மல்லாந்து படுத்திருக்கச் சொல்லுங்கள். படுத்தபடியே அளந்து, நாடித் துடிப்போடு சேர்த்து எழுதுங்கள்.
2. பட்டையைக் கழற்றாமல் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், பின்னால் கட்டிலோ நாற்காலியோ இருக்க வேண்டும்.
3. நின்று ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் ஒரு முறை அளங்கள். அளக்கும்போது கையை நெஞ்சு உயரத்தில் தாங்கிப் பிடியுங்கள். கையைத் தொங்கவிட்டால் எண் கூடுதலாகக் காட்டும், இருக்கிற சரிவு மறைந்துபோகும்.
4. தலைசுற்றல், கண் இருட்டல், கழுத்துப் பின்புறமும் தோளும் வலிப்பது போன்ற உணர்வு வந்தால் உடனே உட்கார வைத்துவிடுங்கள். அளவு முடியாவிட்டாலும் பரவாயில்லை, "ஒரு நிமிடத்தில் நிற்க முடியவில்லை" என்பதே டாக்டருக்குப் போதுமான செய்தி.

நம் பெரியவருக்கு வந்த எண்கள் இவை: படுத்திருக்கும்போது 138/76, நாடி 72. ஒரு நிமிடத்தில் 116/68, நாடி 76. மூன்று நிமிடத்தில் 108/66, நாடி 78. மேல் எண் 30 இறங்கியிருக்கிறது, வரம்பான 20ஐத் தாண்டிவிட்டது. நாடியையும் கவனியுங்கள். இவ்வளவு இறங்கினால் இதயம் பதறிப்போய் 15, 20 துடிப்பாவது கூட்டியிருக்க வேண்டும். இவருக்குக் கூடியது ஆறுதான். மாத்திரை மட்டும் காரணம் இல்லை, பன்னிரண்டு வருடச் சர்க்கரை நோயால் நரம்புகளும் மந்தமாகியிருக்கலாம் என்பதற்கான குறிப்பு அது.

ஒரு நாள் அளந்து நார்மலாக இருந்தால் பிரச்சினை இல்லை என்று அர்த்தமில்லை. இது நாளுக்கு நாள் மாறும். வயிற்றுப்போக்கு வந்த நாளில், அக்டோபர் வெயிலில் வியர்த்துக் களைத்த நாளில் அதிகமாகத் தெரியும். மூன்று நான்கு நாள் காலையில் அளப்பது நல்லது.

## இருட்டு ஏன் இவ்வளவு முக்கியம்

நாம் விழாமல் நிற்க மூன்று இடங்களிலிருந்து தகவல் வருகிறது: கண், உள்காது, பாதம். மூன்றில் ஒன்று போனால் மற்ற இரண்டும் சமாளித்துக்கொள்ளும். இரண்டு போனால் கஷ்டம்.

சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்வு மெல்ல மழுங்குகிறது. வைட்டமின் பி12 குறைந்தாலும் இதேதான் நடக்கும். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையலாம். வாழ்நாள் முழுக்கச் சைவம், வயதான காலத்தில் பாலும் தயிரும் குறைந்துவிட்டது என்றால் இன்னும் எளிதாகக் குறையும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த இரண்டும் ஒன்றாகவே பொருந்தும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சிகிச்சையும் எளிது.

பாதம் மழுங்கியவர் பகலில் கண்ணை வைத்து ஓட்டிவிடுவார். யாருக்கும் சந்தேகம் வராது. இரவில் விளக்கைப் போடாமல் எழுந்தால் கண்ணும் போய்விட்டது, உள்காது ஒன்றுதான் மிச்சம். இதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ஒரு சின்ன அடையாளம் உண்டு: முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது தள்ளாட்டம் வந்து, ஒரு கையால் வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்வது. பெரியவர் அதை ஒரு வருடமாகச் செய்துகொண்டிருந்தார். கேட்கும் வரை யாரிடமும் சொல்லவில்லை.

## என்ன மாற்றினார்கள்

பையோடும் எண்களோடும் போனபோது, டாக்டர் அம்லோடிபினைப் பழையபடி 5க்கு இறக்கி, நீர் மாத்திரையை நிறுத்தினார். டாம்சுலோசினைத் தற்காலிகமாக நிறுத்திப் பார்க்கலாம் என்றார். அல்பிரசோலத்தை ஆறு வாரத்தில் குறைத்து நிறுத்தத் திட்டம் கொடுத்தார். பி12 ஊசி ஆரம்பமானது. மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் கால்களைத் தலையணை மேல் உயர்த்திப் படுக்கச் சொன்னார். காலில் தேங்கிய நீர் சாயங்காலத்துக்குள்ளேயே வெளியேறிவிட்டால் இரவில் எழ வேண்டாம் என்பது கணக்கு. இரவு ஏழுக்கு மேல் தண்ணீரும் காபியும் குறைவு; ஆனால் நாள் முழுக்கக் குடிக்கும் அளவு குறையக் கூடாது. தண்ணீரைக் குறைத்தால் இரவில் எழ வேண்டாம் என்று பல பெரியவர்கள் தாங்களாகவே குறைத்துக்கொள்கிறார்கள். அது அழுத்தத்தை இன்னும் இறக்கிவிடும். இதயம், சிறுநீரகக் கோளாறால் நீர்க் கட்டுப்பாடு உள்ளவர்கள் மட்டும் தங்கள் டாக்டர் சொன்ன அளவைத்தான் பின்பற்ற வேண்டும்.

ஒரு மாதம் கழித்து எண்கள்: படுத்திருக்கும்போது 144/80, நின்று மூன்று நிமிடத்தில் 130/74. இரவில் எழுவது மூன்றிலிருந்து ஒன்றாகிவிட்டது. படுத்திருக்கும்போது இருக்கும் எண் கொஞ்சம் ஏறியிருப்பதைப் பார்க்கலாம். இது ஒரு பேரம்தான். எவ்வளவு ஏற விடலாம் என்பதை அவரவர் இதயம், மூளை, சிறுநீரக நிலையைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார்.

எழும் முறையும் மாறியது. கண் விழித்ததும் படுத்தபடியே பாதங்களை மேலும் கீழுமாக இருபது முப்பது முறை அசைப்பார். பிறகு எழுந்து கட்டில் விளிம்பில் கால் தரையில் பட ஒரு நிமிடம் உட்காருவார். பிறகு எதையாவது பிடித்து நின்று, நிதானமாகப் பத்து வரை எண்ணி, தலை தெளிவாக இருந்தால்தான் நடை. அப்புறம், நின்றபடி சிறுநீர் கழிப்பதை நிறுத்திவிட்டார். சிறுநீர்ப்பை காலியாகும்போதும் அழுத்தம் சட்டென்று இறங்கும். ஆண்கள் இரவில் நின்றபடியே மயங்குவதற்கு அது ஒரு காரணம். கமோடில் உட்கார்ந்து போவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கட்டில் பக்கத்தில் யூரின் பாட்டில் வைத்துக்கொண்டால் அந்தப் பன்னிரண்டு அடியை நடக்கவே வேண்டாம். ஆனால் அதற்குப் பெரியவர்கள் சம்மதிப்பது அபூர்வம். இவரும் சம்மதிக்கவில்லை.

## அந்தப் பன்னிரண்டு அடி

வீட்டை மாற்றுவதும் வீண் வேலை இல்லை. ஏற்கெனவே விழுந்தவர்கள் போன்ற ஆபத்து அதிகமுள்ளவர்களின் வீட்டில் தடைகளைச் சரிசெய்தால் விழுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. வீடு முழுக்க மாற்ற வேண்டியதில்லை. இரவில் நடக்கும் பாதையை மட்டும், இரவிலேயே, அவர் படுக்கும் இடத்தில் படுத்து எழுந்து நடந்து பாருங்கள்.

இந்த வீட்டில் கண்டது இது. விளக்கு சுவிட்ச் கட்டிலிலிருந்து எட்டு அடி தள்ளி, கதவுப் பக்கம். அதாவது விளக்கைப் போடவே இருட்டில் எட்டு அடி நடக்க வேண்டும். நடுவில், மழைக்காலம் என்பதால் உள்ளே நிறுத்திய துணி காயவைக்கும் ஸ்டாண்டு, அதிலிருந்து சொட்டும் தண்ணீர். பாத்ரூம் வாசலில் இரண்டு அங்குல உயர மார்பிள் பட்டை, தரையின் அதே வெளிர் நிறம். உள்ளே, காலையில் குழாய்த் தண்ணீர் வரும் நேரத்துக்காக வரிசையாக வைத்த பக்கெட்டுகள். தரையில் பழைய கோட்டா கல் இருந்தது, போன வருடம் ரெனொவேஷன் என்று அதை எடுத்துவிட்டுப் பளபளக்கும் டைல்ஸ் போட்டார்கள். சொரசொரப்பான பழைய கல்லே கால் பிடிப்புக்குத் தேவலை என்று எனக்குத் தோன்றுகிறது.

செலவு குறைவானவற்றை முதலில் செய்தார்கள். ஆள் அசைந்தால் எரியும் சின்ன எல்.இ.டி. விளக்குகள் இரண்டு, கட்டிலுக்குக் கீழே ஒன்று, பாத்ரூம் வாசலில் ஒன்று. மார்பிள் பட்டையின் விளிம்பில் அடர்ந்த நிறத்தில் சொரசொரப்பான டேப். துணி ஸ்டாண்டுக்கு ஹாலில் வேறு மூலை. பக்கெட்டுகள் ஒரே பக்கச் சுவரோரம். கதவோரம் கிடந்த கால்மிதி குப்பைக்குப் போனது, தேய்ந்த ஹவாய் செருப்புக்குப் பதில் குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்த செருப்பு வந்தது.

பிடிமானக் கம்பியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். துண்டு போடும் கம்பி துண்டைத் தாங்கத்தான். ஆள் பிடித்துத் தொங்கினால் ஸ்க்ரூவோடு பெயர்ந்து வரும். பிடிமானம் இருக்கிறது என்று நம்பிக் கை வைத்தவர் இன்னும் மோசமாக விழுவார். உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர்க் கம்பிகளும் டைல்ஸ் இடுக்கில் காற்றுப் புகுந்ததும் விட்டுவிடும். சுவரில் துளையிட்டு ஆங்கர் போல்ட் போட்ட கம்பிதான் வேண்டும். அதற்கு முன் குழாய் எந்த வழியில் ஓடுகிறது என்று பிளம்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உள்சுவர் மெல்லிய செங்கல் சுவராக இருந்தால் எந்த போல்ட் தாங்கும் என்றும் கேளுங்கள். போட்டு முடித்ததும் வீட்டில் எடை கூடியவர் முழு பலத்தோடு இழுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கம்பி போதும்: கமோடுக்குப் பக்கத்தில் ஒன்று, வாசல் படியைத் தாண்டும் இடத்தில் செங்குத்தாக ஒன்று. வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. அவர் மறுத்தால், கமோடைச் சுற்றி நிற்கும் கைப்பிடிச் சட்டம் மெடிக்கல் உபகரணக் கடைகளில் கிடைக்கும், சுவரைத் தொட வேண்டாம்.

## தொடைத் தசை

மாத்திரையும் விளக்கும் சரியானாலும், தடுமாறும் கணத்தில் ஒரு காலை முன்னே வைத்துச் சமாளிக்கத் தசை வேண்டும். ஒரு முறை விழுந்தவரை "நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று உட்கார வைத்துவிடுவது பாசத்தில் செய்யும் தவறு. சில மாதத்தில் தொடை மெலிந்து அடுத்த விழுதலுக்கு அவரைத் தயார் செய்துவிடும். சமநிலைக்கும் காலுக்கும் தொடர்ந்து பயிற்சி செய்தால் விழும் எண்ணிக்கையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. வெறும் நடைப்பயிற்சி மட்டும் இதற்குப் போதாது.

எங்கே நிற்கிறோம் என்று அறிய ஒரு சோதனை: நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து கூடுதல். பெரியவருக்கு 17 விநாடி. பிசியோதெரபிஸ்ட் கொடுத்தது இரண்டே பயிற்சி. சுவரை ஒட்டிய நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, தினம் இரண்டு வேளை, எட்டிலிருந்து பத்து முறை. சமையல் மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் கட்டைவிரலைத் தொட நேர்கோட்டில் பத்து விநாடி நிற்பது, பிறகு ஒரு விரலால் மட்டும் மேடையைத் தொட்டபடி. மூன்று மாதத்தில் 13 விநாடிக்கு வந்தார்.

## இத்தனைக்குப் பிறகும் விழுந்தால்

முதலில், உடனே தூக்காதீர்கள். கை பிடித்து வெடுக்கென்று இழுப்பதில் தோள்பட்டை விலகிவிடும். பேசச் சொல்லுங்கள், கால்களைப் பாருங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவு என்றே எடுத்துக்கொண்டு அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். எழுந்து நடக்கிறார் என்பதால் முறிவு இல்லை என்று ஆகாது. சில முறிவுகளில் எலும்பு ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொண்டிருக்கும், நடக்கவும் முடியும். நடக்கும்போது தொடை இடுக்கில் வலி என்றால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

தலையில் அடிபட்டு, அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராகவும் இருந்தால், நன்றாகப் பேசினாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயதானவர்களுக்கு மூளைக்கும் ஓட்டுக்கும் நடுவே ரத்தம் மெதுவாகச் சேரும். அடுத்த சில வாரங்களில் புதிதாகத் தலைவலி, குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம், ஒரு பக்கம் பலவீனம் என்று எது வந்தாலும் "வயசாச்சு" என்று விடாமல் விழுந்ததைச் சொல்லி ஸ்கேன் கேளுங்கள். நினைவு தப்பி விழுந்திருக்கலாம் என்று தோன்றினால் ஈ.சி.ஜி. கட்டாயம், இதயத் துடிப்புக் கோளாறும் இப்படித்தான் தள்ளும்.

அடியே படாமல், எழ முடியாமல் கிடப்பதும் ஆபத்துதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால் அழுந்திய தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கலாம். எழும் முறையைப் பகலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது பழகிக்கொள்ளலாம்: ஒருக்களித்துப் புரண்டு, கையும் முழங்காலும் ஊன்றி, உறுதியான நாற்காலி வரை தவழ்ந்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து, பலமான காலை முதலில் ஊன்றி எழுவது.

கதவு விஷயத்துக்கு வருவோம். உள்பக்கம் திறக்கும் பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஆள் விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துவிடும். உடைந்த கதவைச் சரிசெய்யும்போது தச்சரிடம் சொல்லி வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினார்கள், அதற்குப் பெரிய செலவில்லை. தாழ்ப்பாளைத்தான் பெரியவர் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார். மருமகள் இருக்கிற வீட்டில் திறந்த கதவோடு எப்படிப் போவது என்று கேட்டார். கடைசியில் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு வெளிப் பக்கம் ஒரு கொக்கி அடித்தார்கள். உள்ளே போகும்போது அதில் தன் சிவப்புத் துண்டை மாட்டிவிட்டுப் போகிறார். துண்டு தொங்கினால் யாரும் கதவைத் தொடுவதில்லை. இரவில் துண்டு தொங்கிப் பத்து நிமிடம் ஆகிவிட்டால் மகன் வந்து தட்டுகிறான்.